குப்பை பிரிக்கும் குறும்படம்: கதையையும் செய்முறையையும் சேர்த்து எழுதுவது எப்படி?

தேவகோட்டை, பள்ளி ஆசிரியை: அண்ணே, மாணவர்களை வைத்து எட்டு நிமிடப் படம் எடுக்கிறோம். முதல் ஐந்து நிமிடம் கதை, அடுத்த மூன்று நிமிடம் எந்தக் குப்பை எதில் போகும் என்ற விளக்கம். படித்துப் பார்த்தால் இரண்டு தனிப் படம் மாதிரி இருக்கிறது. எப்படி ஒட்டுவது?

ஒட்ட வேண்டாம் டீச்சர். ஒரு சின்னச் சோதனை செய்து பாருங்கள். விளக்கப் பகுதியை மொத்தமாக வெட்டி எறிந்தாலும் கதை முடிந்துவிடுகிறதா? முடிந்தால், பார்க்கிறவர்கள் ஐந்தாவது நிமிடத்திலேயே எழுந்து போய்விடுவார்கள். பாத்திரம் தன் கையால் பிரித்தே ஆக வேண்டிய கட்டாயத்தில் இருக்க வேண்டும். பிரிக்கும்போது கிடைக்கும் ஒன்று கதையைத் திருப்ப வேண்டும். அதனால் நான் கதையிலிருந்து தொடங்க மாட்டேன். முதலில் குப்பைப் பையை எழுதுவேன். யார் வீட்டுப் பை, உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று ஒரு பட்டியல்.

ஒரு பையை வைத்தே சொல்கிறேன். பெரிய வீட்டில் தனியாக இருக்கிற ஒரு ஆச்சி. பையில் வெங்காயத் தோல் கொஞ்சம், டீத்தூள், மூன்று பால் பாக்கெட், ஓட்டல் பார்சல் இலைகளும் சாம்பார் கவர்களும் நிறைய, டார்ச் லைட்டின் பழைய பேட்டரி இரண்டு, பிரிக்காத மாத்திரை அட்டைகள். அவ்வளவுதான். பட்டியலைப் படித்ததும் கதை தெரிகிறதா? ஆச்சி சமைப்பதை விட்டுவிட்டார், மாத்திரையும் போடுவதில்லை. இதை யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை.

இனி கட்டாயம். நம் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். சென்னையிலிருந்து பேரன் வந்திருக்கிறான். காலையில் விசில் கேட்டதும் எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி முகப்புக்குக் கொண்டு போகிறான். தூய்மைப் பணியாளர் அக்கா பையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கிறார். "தம்பி, பிரிச்சு வைங்க. பின் தெருவுக்கு வர்றப்ப வாங்கிக்கிறேன்." வண்டி தெருவைச் சுற்றி வரும் வரைக்கும்தான் அவனுக்கு நேரம். வீட்டின் உள்பகுதியான இரண்டாம் கட்டில் பழைய செய்தித்தாளை விரித்து உட்காருகிறான். உங்கள் செய்முறை இங்கேதான் தொடங்குகிறது.

இலையும் தோலும் டீத்தூளும் ஒரு வாளிக்குப் போகின்றன. கவர்களை எடுக்க எடுக்க அவன் கை மெதுவாகிறது. "என்ன அப்பத்தா, நீ உலையே வைக்கிறதில்லையா?" "ஒத்த ஆளுக்கு எதுக்குப்பா உலை." அப்புறம் மாத்திரை அட்டை கைக்கு வருகிறது. அதை மற்ற கவர்களோடு போடப் போனவன் நிறுத்தித் தனியாக வைக்கிறான். செய்முறைப்படி அது தனியாகத்தான் போக வேண்டும். கதைப்படியும் அவன் நிறுத்தித்தான் ஆக வேண்டும். இரண்டும் ஒரே ஷாட்டில் நடக்கின்றன. பின் தெருவில் விசில் கேட்கிறது, வாளிகளோடு ஓடுகிறான். மாத்திரையைப் பற்றி அப்பத்தாவிடம் கேட்கிறானா, கேட்காமல் டாக்டருக்குப் போன் போடுகிறானா என்பதை உங்கள் மாணவர்கள் முடிவு செய்யட்டும்.

காரைக்குடி, கல்யாண வீடியோ எடுக்கும் தம்பி: செய்முறைக்குப் பின்னணிக் குரல் போட்டால் தெளிவாக இருக்குமே அண்ணே? ஷாட் பற்றிக் கவலையில்லை, டிரோன் கூட இருக்கிறது.

டிரோன் இந்தப் படத்துக்குத் தேவைப்படாது தம்பி. தேவை கைக்கு நேர் மேலே ஒரு கேமரா. தெளிவு வேண்டும் என்று நீங்கள் நினைப்பது சரி, ஆனால் குரல் தெளிவைத் தராது. "உலர் கழிவுகளைச் சுத்தம் செய்து தனியாக வைக்கவும்" என்று குரல் சொன்னால் காதில் விழும், கைக்கு வராது.

பால் பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் மூலையை முழுசாக வெட்டி எறிந்துவிடுவோம். அந்தத் துணுக்கு யார் கைக்கும் சிக்காமல் மண்ணோடு போய்விடும். துண்டாகாமல் ஒரு ஓரம் தொங்கும்படி வெட்டினால் பாக்கெட் முழுசாகத் திரும்பி வரும். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு அலசி, கவிழ்த்துக் காய வைக்க வேண்டும். அலசாத பாக்கெட் இரண்டு நாளில் நாறும், சேர்த்து வைத்த காகிதத்தையும் கெடுக்கும். இதற்கு நான்கு ஷாட் போதும்: கத்தரி பாதியில் நிற்பது, தொங்கும் மூலை, அலசும் கை, கொடியில் கிளிப் மாட்டிய பாக்கெட். பேச்சே வேண்டாம், தண்ணீர்ச் சத்தம் போதும். இந்தக் கதையில் பேரன் பிரிக்கும்போதே அலசிக் காய வைக்க நேரமில்லை. அதனால் ஆச்சி முந்தைய நாளே சில பாக்கெட்டைக் கொடியில் மாட்டியிருப்பதாக முதல் காட்சியிலேயே காட்டிவிடுங்கள். அவருக்கு ஒன்று தெரியும், பேரனுக்குத் தெரியாது என்பதும் அதில் வந்துவிடும்.

எழுதும் முறையும் மாற வேண்டும். கதைக் காட்சியை வழக்கம்போல வசனத்தோடு எழுதுங்கள். செய்முறையை மட்டும் பக்கத்தின் நடுவே கோடு போட்டு, இடப்பக்கம் கண்ணுக்குத் தெரிவது, வலப்பக்கம் காதுக்குக் கேட்பது என்று எழுதுங்கள். வலப்பக்கம் நிறைந்து இடப்பக்கம் காலியாக இருந்தால், அங்கே படம் நின்று பிரசங்கம் தொடங்கிவிட்டது என்று பொருள். ஒரு பக்கத்துக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கும் செய்முறைக்கு ஒத்து வராது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு கையால் செய்து பார்த்துத்தான் நேரம் போட வேண்டும்.

இன்னொன்று. வாளி நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இரண்டாம் கட்டின் மங்கலான வெளிச்சத்தில் பச்சையும் நீலமும் மொபைல் திரையில் ஒன்றுபோலத் தெரியலாம். மக்கும் குப்பை எல்லா ஷாட்டிலும் இடப்பக்கம், மக்காதது வலப்பக்கம் என்று கடைசி வரை மாற்றாமல் வையுங்கள்.

பள்ளத்தூர் பக்கம், ஊராட்சி வார்டு உறுப்பினர்: பேப்பர் கப் காகிதம்தானே, மக்கும். பச்சை வாளியில் போடுவதாக எழுதிவிட்டேன். சரிதானே?

காகிதம் மக்கும் என்பது சரி. அந்தக் கப்பின் உள்பக்கத்தில் மெல்லிய பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறதே, அது மக்காது. ஒரு கப்பை வெந்நீரில் ஊறப்போட்டு மறுநாள் உரித்துப் பாருங்கள். காகிதம் கூழாகும், மெல்லிய தோல் போல ஒரு படலம் கையில் நிற்கும். அந்த உரிப்பையே ஒரு ஷாட்டாக வைக்கலாம், நன்றாகவே வரும்.

ஆனால் வேறொரு சிக்கல் உண்டு. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்யப்பட்ட பொருட்களில் பிளாஸ்டிக் பூசிய காகிதக் கப்பும் ஒன்று. நீங்கள் ஊராட்சி சார்பில் எடுக்கிற படத்தில், "எந்த வாளியில் போடுவது" என்று அதை வழக்கமான பொருளாகக் காட்டினால் தப்பான சேதி போய்விடும். கதையில் டீ வரும் இடத்திலெல்லாம் டம்ளரோ டபராவோ வையுங்கள். பூச்சுக் காகிதத் தட்டுக்கும் இதே கவனம் தேவை.

கண்டனூர், வீட்டில் உரம் போடும் ஒரு அம்மா: எங்கள் உரத் தொட்டியில் நாற்றமும் புழுவுமாக இருக்கிறது. காய்கறித் தோல் மட்டும்தான் போடுகிறேன். இதற்கு ஏதாவது படம் இருக்கிறதா?

தோல் மட்டும் போடுவதுதான் காரணம் அம்மா. ஈரம் மிஞ்சிக் காற்று போகாமல் அழுகுகிறது. ஒவ்வொரு முறை தோல் போட்ட பிறகும் மேலே காய்ந்த சருகோ தேங்காய் நார்த்தூளோ தாராளமாகத் தூவி மூடுங்கள், இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கிளறிவிடுங்கள், நாற்றம் அடங்கும். கையில் பிழிந்தால் சொட்டக் கூடாது, ஈரம் மட்டும் தெரிய வேண்டும்.

ஆசிரியையும் இதைக் கவனியுங்கள். உரம் போடுவது தனிப் படத்துக்கான விஷயம். உங்கள் எட்டு நிமிடத்துக்குள் அதையும் நுழைத்தால் பிரிப்பதும் மனதில் நிற்காது, உரமும் நிற்காது.

காரைக்குடி, ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்: நான் பிரித்துக் கொடுத்தேன். என் கண் முன்னாலேயே ஒன்றாகக் கொட்டினார்கள். அப்படியிருக்கப் படத்தில் பிரித்து வாங்குவதாகக் காட்டுவது பொய்தானே ஐயா?

*(இந்த இடத்தில், ஒரு பேரூராட்சியில் வேலை பார்க்கும் தூய்மைப் பணி மேற்பார்வையாளர் குறுக்கிட்டார்: "எங்க வண்டியில நடுவுல தடுப்பு இருக்கு சார். பாதித் தெருவுலயே ஈரப் பக்கம் நிறைஞ்சிடும். அப்புறம் வர்றதை எங்க போடுறது? பணியாளர் மேல மட்டும் பழி போடாதீங்க. அதோட இவர் கதையில வர்ற மாதிரி பின் தெருவுக்கெல்லாம் எங்க ஊர்ல வண்டி வராது.")*

இரண்டு பேர் சொல்வதும் நடப்பதுதான். அதனால்தான் எழுதும் முன் ஒரு நாள் காலையில் வண்டிக்குப் பின்னால் நடந்து போகச் சொல்கிறேன். எந்தத் தெருவில் எப்போது திரும்புகிறது, தடுப்பு இருக்கிறதா, நுண் உர மையத்தில் இறக்கும்போது என்ன ஆகிறது என்று பாருங்கள். பின் தெருவுக்கு வண்டி வராத ஊரில் என் கதையை அப்படியே எடுக்காதீர்கள். தெரு முனையில் போய் வண்டி திரும்பி வருவதாக மாற்றுங்கள். தன் தெருவில் நடக்காததைத் திரையில் பார்த்தால், ஊர்க்காரர் அடுத்துச் சொல்லும் எதையும் நம்பமாட்டார்.

திடக்கழிவு மேலாண்மை விதிகள், வீட்டிலேயே பிரித்துக் கொடுக்கும் கடமையை நமக்கும், பிரித்ததைத் தனித்தனியாகக் கொண்டு போகும் பொறுப்பை உள்ளாட்சிக்கும் தந்திருக்கின்றன. வண்டியில் மறுபடி கலக்கிற ஊரில் முதலில் மக்களுக்குப் படம் போடுவதா, அலுவலகத்துக்கா? மக்கள் பிரித்துக் கொடுக்கத் தொடங்கினால் வண்டி தானாக மாறும் என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அந்த நம்பிக்கை குறைவு. முதல் வரைவை அலுவலகத்தில் படித்துக் காட்டி, "இந்த ஷாட்டை உங்கள் வண்டியில் எடுக்க முடியுமா?" என்று கேளுங்கள். வருகிற பதிலைப் பொறுத்து எழுதுங்கள்.

மேற்பார்வையாளர்: ஒரு வேண்டுகோள் சார். எங்க ஆளுங்களை அழ வைக்காதீங்க, சாமி ஆக்கவும் வேணாம்.

முழுக்க ஒப்புக்கொள்கிறேன். அந்த அக்காவுக்குப் படத்தில் ஒரே வேலைதான்: கலந்த பையை வாங்க மறுப்பது. கோபமும் இல்லை, கண்ணீரும் இல்லை. கையுறை, காலணி அணிந்திருக்க வேண்டும். அவரை யாரும் "ஏய்" என்று கூப்பிடக் கூடாது. பேரன் "அக்கா" என்று கூப்பிட்டால் போதும்.

தேவகோட்டை ஆசிரியை, மறுபடியும்: பிள்ளைகள் நிஜக் குப்பையைத் தொடலாமா? சுத்தமான பொருளை வைத்தால் நாடகம் மாதிரி தெரிகிறது.

சுத்தமான வாழைப்பழத் தோலும் மடிப்புக் கலையாத காகிதமும் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள், அது சரி. நடிப்பவரின் சொந்த வீட்டு முந்தைய நாள் சமையல் கழிவு போதும், கையுறை போட்டுக்கொள்ளட்டும். இலையில் சாம்பார் ஒட்டியிருக்கட்டும், காகிதம் நனைந்திருக்கட்டும். கலந்தால் காகிதம் வீணாகும் என்பதை அந்த நனைந்த காகிதமே சொல்லிவிடும். உடைந்த கண்ணாடி, ஊசி, பயன்படுத்திய நாப்கின் மூன்றும் நிஜமாக இருக்கவே கூடாது. நாப்கின் காட்ட வேண்டுமானால், புதியதைச் செய்தித்தாளில் சுற்றிச் சிவப்பு மையில் அடையாளம் போட்டால் போதும். மாத்திரை அட்டை காலாவதியானதாக இருக்கட்டும், மருந்தின் பெயர் தெரியாதபடி திருப்பி வையுங்கள்.

பையை ஒருமுறை பிரித்துவிட்டால் அந்த டேக் முடிந்தது. அதனால் ஒரே பட்டியல்படி மூன்று பை தயார் செய்து, ஒவ்வொன்றின் உள்ளடக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் முகப்பில் கட்டிய பையில் இல்லாத பாட்டில் இரண்டாம் கட்டில் முளைத்துவிடும். பால் பாக்கெட்டை இன்றிலிருந்தே வெட்டாமல், ஊசியால் சின்னத் துளை போட்டுப் பாலை வடித்துச் சேர்த்து வையுங்கள். மூலை வெட்டும் ஷாட் முதல் டேக்கில் சரியாக வராது.