ரவி வர்மா ஓவியத்தை ஏ3 அளவில் விற்கலாமா?

"ரவி வர்மா ஓவியம் ஒன்று 2400 × 3000 பிக்சலில் இணையத்தில் கிடைத்தது. ஏ3 போஸ்டராக விற்கலாமா? பதிப்புரிமைச் சிக்கல் வருமா?"

ஓவியத்தில் சிக்கல் இல்லை. ரவி வர்மா இறந்தது 1906-ல். இந்தியச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 ஆண்டு வரைதான் பதிப்புரிமை. ஆனால் அந்தக் கோப்பு யாருடையது என்று பாருங்கள். யாராவது கைப்பட வண்ணம் சேர்த்து மாற்றி வரைந்ததென்றால் அந்த வேலைக்கு அவர் உரிமை கோரலாம். அருங்காட்சியகத் தளத்தில் எடுத்ததென்றால் அதன் விதிமுறைகளைப் படியுங்கள்.

அளவுதான் உங்களுக்கு இடிக்கும். உங்கள் படம் 4:5 விகிதம். ஏ3 தாள் அதைவிட ஒடுக்கம். முழுத்தாளையும் நிரப்பினால் அகலத்தில் ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்கு வெட்டுப்படும், புடவைத் தலைப்போ கையோ போய்விடும். அதனால் ஏ3 தாளின் நடுவில் 10 × 12.5 அங்குலத்தில் அச்சிடுங்கள். அங்குலத்துக்கு 240 பிக்சல் வரும், தாராளம். சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தின்மேல் மவுண்ட் போர்டு உட்காரும். ஃபிரேம் கண்ணாடியும் படத்தில் ஒட்டாது.

அப்புறம், மொத்தமாக அச்சிடும் முன் முகப்பகுதியை மட்டும் அதே அளவில், விற்கப்போகும் அதே மேட் தாளில் எடுத்துப் பாருங்கள். நகையின் விளிம்பில் சதுரம் சதுரமாகத் தெரிந்தால் அது ஏற்கெனவே செயற்கையாகப் பெரிதாக்கிய அல்லது அளவுக்கு மீறிச் சுருக்கிச் சேமித்த கோப்பு. வேறு தேடுங்கள்.