வழக்குப் போட யார் சம்மதம் வேண்டும்?

கேள்வி: ஐரோப்பிய ஒன்றியம் மாதிரி ஆசியானும் கூடி முடிவெடுக்க வேண்டும் என்று சிலர் எழுதுகிறார்கள். 1957-இல் போராடிப் பெற்ற இறையாண்மையை இன்னொருவர் கையில் தூக்கிக் கொடுப்பதா? நம் நாட்டு விஷயத்தில் தீர்ப்புச் சொல்ல வெளிநாட்டு நீதிமன்றம் எதற்கு?
– வாசகர், ஜெலுத்தோங், பினாங்கு

பதில்: வெளிநாட்டு நீதிமன்றம் நமக்குப் புதிதில்லை, ஐயா. சிப்பாடான், லிகித்தான் தீவுகள் யாருக்கு என்று கேட்டு நாமும் இந்தோனேசியாவும் ஹேக் நகரில் உள்ள அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனோம். 2002-இல் தீர்ப்பு நம் பக்கம் வந்தது. 2008-இல் அதே நீதிமன்றம் பத்து பூத்தேயைச் சிங்கப்பூருக்குக் கொடுத்தது. வலித்தது, இன்றும் அதைப் பற்றிப் பேசுகிறோம். ஆனால் அந்த நீதிமன்றத்துக்குப் போனதாலேயே மலேசியா இறையாண்மையை இழந்துவிட்டது என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

காரணம், இரண்டு வழக்கிலும் நாமே சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் போனோம். அரசு என்பதைப் பற்றிய பழைய எண்ணத்தின் அடித்தளமே இந்தச் சம்மதம்தான். தன் எல்லைக்குள் தனக்கு மேல் ஆளில்லை. தான் ஒப்புக்கொள்ளாமல் எந்த நாடும் தன்னை வழக்குக்கு இழுக்க முடியாது. ஐரோப்பிய ஒன்றியம் சம்மதத்தைத் தூக்கி எறியவில்லை. அதைக் கொடுக்கும் நேரத்தை மாற்றியது. அங்கே ஒரு நாடு உறுப்பினராகச் சேரும்போதே சம்மதத்தை மொத்தமாகக் கொடுத்துவிடுகிறது. அப்புறம் வழக்குக்கு வழக்கு யாரும் வந்து கேட்கமாட்டார்கள். பல துறைகளில் ஓட்டெடுப்பும் அப்படித்தான். 27 நாடுகளில் 15 நாடுகள் ஆதரித்து, அவற்றில் ஒன்றிய மக்கள்தொகையின் 65 விழுக்காடாவது இருந்தால், எதிர்த்து ஓட்டுப் போட்ட நாட்டையும் அந்தச் சட்டம் கட்டும்.

இது நடைமுறையில் என்ன செய்யும் என்று பார்க்க ஒரு வழக்கு போதும். போலந்தின் தென்மேற்கு மூலையில், செக், ஜெர்மனி எல்லைகளை ஒட்டினாற்போல் துரூவ் என்ற திறந்தவெளி நிலக்கரிச் சுரங்கம் இருக்கிறது. சுரங்கம் ஆழமாகப் போகப்போக நிலத்தடி நீர் அதை நோக்கி வடியும். எல்லைக்கு அப்பால் உள்ள செக் கிராமங்களில் கிணறு வற்றுகிறது என்று மக்கள் முறையிட்டார்கள். போலந்து 2020-இல் சுரங்கத்தின் உரிமத்தை இன்னும் ஆறு ஆண்டுகளுக்கு நீட்டித்தது. செக் நாடு 2021 பிப்ரவரியில் லக்சம்பர்க்கில் உள்ள ஒன்றிய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டது. போலந்திடம் சம்மதம் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. மே மாதம் இடைக்காலத் தடை வந்தது: தோண்டுவதை நிறுத்து. போலந்து நிறுத்தவில்லை. செப்டம்பரில் நாளொன்றுக்கு 5 லட்சம் யூரோ அபராதம் விதித்தார்கள். அதையும் கட்டமாட்டோம் என்றது போலந்து.

ஒரு நாடு முடியாது என்று சொல்லிவிட்டால் அந்த நீதிமன்றத்தால் என்ன செய்ய முடியும்? அதற்குப் போலீஸ் கிடையாது, படை கிடையாது. சுரங்கம் ஒருநாள்கூட மூடப்படவில்லை. ஆனால் ஒன்றியத்திலிருந்து போலந்துக்கு வரவேண்டிய நிதி இருந்தது. அபராதத் தொகையை ஐரோப்பிய ஆணையம் அதிலேயே கழித்துக்கொண்டது. இதற்கிடையில் இரண்டு அரசுகளும் உட்கார்ந்து பேசி, 2022 பிப்ரவரியில் உடன்பாட்டுக்கு வந்தன. போலந்து தரப்பு 4.5 கோடி யூரோ கொடுத்தது. நிலத்தடி நீர் வடிவதைத் தடுக்கவும் ஒப்புக்கொண்டது. செக் நாடு வழக்கைத் திரும்பப் பெற்றது. வழக்கு முடிந்துபோனாலும், அதுவரை சேர்ந்த அபராதத்தை ஆணையம் விட்டுக்கொடுக்கவில்லை.

இதில் போலந்துக்காரர்களின் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. முழு விசாரணை முடிவதற்கு முன்பே, லக்சம்பர்க்கில் ஒரே ஒரு நீதிபதி, ஒரு வட்டாரமே பிழைப்புக்கு நம்பியிருக்கும் சுரங்கத்தை மூடச் சொல்கிறார். அவரைத் தேர்ந்தெடுத்ததில் அந்தத் தொழிலாளிகளுக்கு நேரடிப் பங்கு எதுவும் இல்லை. ஒன்றியத்தை ஆதரிப்பவர்கள் இந்தக் குறையை லேசாகத் தாண்டிப் போகக்கூடாது.

சரி, இப்போது நம் பக்கம் வருவோம். ஜெலுத்தோங்கில் இருக்கும் உங்களுக்குப் புகைமூட்டத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலம் பற்றிக்கொண்டால், தீ மண்ணுக்கு அடியிலேயே வாரக்கணக்கில் கனன்றுகொண்டிருக்கும். தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. பட்டர்வொர்த் கரையில் நின்று பார்த்தால் கொம்தார் தெரியாது. 2013-இல் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 700-ஐத் தாண்டி அவசரகாலமே அறிவித்தார்கள். 2015-இல் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் பள்ளிகளை மூடினார்கள்.

இதற்கு ஆசியானில் ஒப்பந்தம் இல்லாமல் இல்லை. 2002 ஜூனில், இதே கோலாலம்பூரில் கையெழுத்தானது. 2003-இல் நடப்புக்கு வந்தது. தீ எரியும் நாடான இந்தோனேசியா 2014-இல்தான் அதை ஏற்பளித்தது. அதுவரை அதை யாரும் நெருக்க முடியவில்லை. கையெழுத்துப் போட்ட பத்து நாடுகளும் ஏற்றுக்கொண்ட அந்த ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள். அண்டை நாடு தீயணைக்க உதவிக்கு வரலாம், தீ எரியும் நாடு சம்மதித்தால். ஒப்பந்தத்தைப் பற்றித் தகராறு வந்தால் 27-ஆம் விதி சொல்வது ஒரே வழி: சுமுகமாகக் கலந்து பேசுங்கள். பேச்சு முறிந்தால் அடுத்து எங்கே போவது என்பதற்கு அதில் ஒரு வரிகூட இல்லை. நீதிமன்றம் இல்லை, அபராதம் இல்லை, கழித்துக்கொள்ள நிதியும் இல்லை.

அதாவது நீங்கள் காக்கச் சொல்லும் இறையாண்மை நம்மிடம் முழுசாக இருக்கிறது. இந்தப் புகை விஷயத்தில் அந்த ஒப்பந்தப்படி நம்மை யாரும் வழக்குக்கு இழுக்க முடியாது. அதே காரணத்தால் நாமும் யாரையும் இழுக்க முடியாது. மூச்சுத்திணறலோடு கிளினிக் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்த முழு இறையாண்மை என்ன செய்தது? வெளியாரைத் தடுப்பது மட்டும் இறையாண்மையாகிவிடாது. தன் மக்களைப் பாதிக்கும் விஷயத்தில் முடிவெடுக்கும் திறனும் அதில் சேர்த்திதான். எல்லை தாண்டி வரும் புகை விஷயத்தில் அந்தத் திறன் நம்மிடம் தனியாக இருந்ததே இல்லை; கூட்டாகத்தான் அதை உண்டாக்க முடியும்.

கொடுத்தால் திரும்ப வாங்கவே முடியாதே என்ற பயம் வேண்டாம். பிரிட்டன் 2016-இல் மக்களைக் கேட்டது; 2020 ஜனவரி 31-இல் ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. கடைசிச் சாவி உறுப்பு நாட்டிடமே இருக்கிறது. ஆனால் போவதென்றால் மொத்தமாகத்தான் போக வேண்டும். பிடித்த தீர்ப்பை வைத்துக்கொண்டு பிடிக்காததைத் தள்ளிவிட வழியில்லை. பழைய அரசுக்கும் இதற்கும் உள்ள உண்மையான வித்தியாசம் அந்த இடத்தில்தான்.

ஆசியான் முழுக்க ஐரோப்பாவாக மாற வேண்டும் என்று நான் எழுதமாட்டேன். முன்கூட்டியே சம்மதம் கொடுப்பது இங்கேயும் நடந்திருக்கிறது. 2004-இல் வியன்டியானில் கையெழுத்தான நெறிமுறை வந்ததிலிருந்தே, பொருளாதாரத் தகராறில் ஒரு நாடு கேட்டால் விசாரணைக் குழு அமைந்தே தீரும். எல்லா நாடுகளும் சேர்ந்து வேண்டாம் என்றால்தான் நிற்கும். துணிந்து அதைப் பயன்படுத்தத்தான் யாரும் முன்வரவில்லை. 2008-இல் தாய்லாந்தின் சிகரெட் வரி விவகாரத்தில் பிலிப்பீன்ஸ்கூட ஆசியானை விட்டுவிட்டு ஜெனீவாவுக்கு, உலக வணிக அமைப்புக்குத்தான் போனது.

அதே ஏற்பாட்டைப் புகைமூட்ட ஒப்பந்தத்தின் 27-ஆம் விதியில் சேர்க்கவேண்டும் என்கிறேன். பேச்சு தோற்றால், பாதிக்கப்பட்ட நாடு எதிர்த்தரப்பின் சம்மதம் கேட்காமலே வழக்குப் போடலாம் என்று ஒரு வரி. வழக்கு நமக்கு எதிராகவும் வரும். சுமத்ராவிலும் களிமந்தானிலும் மலேசியப் பணம் போட்ட தோட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் கணக்கு வழக்கைக் கொண்டுவந்து காட்டு என்று அந்த விசாரணைக் குழு புத்ராஜெயாவிடம் கேட்டால், நாம் காட்டத்தான் வேண்டும்.