பாட்டு கேட்கிறது, குரல் மட்டும் இல்லை

"அப்பாவின் பழைய ஆம்ப்ளிஃபயரில் போன் பாட்டு கேட்க 3.5 எம்எம் ஸ்டீரியோ பின் டு ரெண்டு ஆர்சிஏ வயர் வாங்கினேன். மியூசிக் வருது, பாடுறவங்க குரல் மட்டும் கிணத்துக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. ஆம்ப்ளி போச்சா?"

ஆம்ப்ளி பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். போன் பக்கத்துச் சின்ன பின்னில் எர்த் தொடவில்லை.

அந்தப் பின்னில் நுனி இடது சேனல், நடு வளையம் வலது, அடிப்பகுதி இரண்டுக்கும் பொதுவான எர்த். எர்த் தொடாவிட்டால் இடது சிக்னல் ஆம்ப்ளிக்குள் போய், வலது கம்பி வழியாகத்தான் திரும்ப முடியும். அப்போது ஆம்ப்ளிக்குக் கிடைப்பது இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும். பாடகர் குரலை வழக்கமாக இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவார்கள், அதனால் அது கழிந்து போய்விடும். ஒரு பக்கம் மட்டும் ஒலிக்கும் வயலின், கிதார் தங்கும். குரலில் சேர்த்த எதிரொலியும் கொஞ்சம் தங்குவதால்தான் அந்தக் கிணற்றுச் சத்தம்.

மீட்டர் இல்லாமலே இதை உறுதி செய்யலாம். ஆண்ட்ராய்டு போனில் Accessibility பகுதிக்குள் Mono audio என்று இருக்கும், அதை ஆன் செய்யுங்கள். இப்போது இரண்டு பக்கமும் ஒரே சிக்னல், வித்தியாசமே இல்லை. பாட்டு கிட்டத்தட்ட மொத்தமாக அடங்கினால் எர்த்தான் கோளாறு. முழுசாகக் கேட்டால் காரணம் வேறு.

எனக்கு இதே தொல்லை வந்தபோது வயரைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கினேன். அதிலும் குரல் இல்லை! கடைசியில் பார்த்தால் போனின் தடித்த உறை பின்னை முழுசாக உள்ளே போக விடவில்லை. நீங்களும் முதலில் உறையைக் கழற்றி, 'டக்' என்று உட்காரும் வரை அழுத்திப் பாருங்கள். ஜாக்கில் பஞ்சு அடைந்திருந்தால், போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெதுவாக எடுங்கள். அப்புறம் பின்னின் கழுத்தை ஆட்டிப் பாருங்கள். ஆட்டும்போது குரல் வந்து வந்து போனால் உள்ளே கம்பி அறுந்திருக்கிறது. சால்டரிங் தெரிந்தால் புதுப் பின் போடலாம், இல்லையென்றால் வேறு வயர்தான். பின்னில் மூன்று கறுப்புக் கோடுகள் இருந்தால் அது வீடியோ கேமரா வயராக இருக்கலாம். அதில் எர்த் இடம் மாறியிருக்கும். உங்களுக்கு வேண்டியது இரண்டு கோடு உள்ளது.

குரல் திரும்பியதும் இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். வயர் AUX அல்லது TAPE IN-இல் இருக்க வேண்டும், PHONO-வில் கூடாது. அது ரெக்கார்டு பிளேயரின் சில மில்லிவோல்ட்டுக்காகச் செய்தது. போன் தருவதோ அதைவிட நூறு மடங்குக்கும் மேல், சத்தம் கரகரவென்று உடைந்துதான் வரும்.