பிள்ளைக்கு நாக்கு ஒட்டு, வெட்டத்தான் வேணுமோ?

"மகளுக்கு மூண்டு கிழமை. நாக்கு அடியில ஒட்டியிருக்கு, பால் குடிக்கேக்க எனக்கு உயிர் போற நோ. இப்ப வெட்டாட்டி பிறகு கதை வராது எண்டு மாமி சொல்லுறா. வெட்டவோ?"

தங்கச்சி, கதைக்காக இப்ப வெட்டத் தேவையில்லை. நாக்கு ஒட்டால கதைக்கத் தொடங்குறது பிந்தாது, சில பிள்ளையளுக்கு ல, ர மாதிரி எழுத்துகள் தெளிவில்லாமல் வரலாம், அதைப் பிள்ளை கதைக்கத் தொடங்கினாப் பிறகு பாக்கலாம்.

இப்ப பாக்கவேண்டியது பால்தான். குடிச்சு முடிய முலைக்காம்பு ஒரு பக்கம் சப்பளிஞ்சு, சரிவாச் சீவின லிப்ஸ்டிக் மாதிரி வருதோ, குடிக்கேக்க 'டிக் டிக்' எண்டு சத்தம் கேக்குதோ, நிறை ஏறாமல் இருக்கோ? என்ர அக்கான்ர மகனுக்கு இதெல்லாம் இருந்தது, ஒருக்காக் குடிக்க முக்கால் மணித்தியாலம், மூண்டாம் கிழமையும் பிறந்த நிறைக்கு வரேல்லை. முதல்ல மிட்வைஃப் பக்கத்தில இருந்து, காம்பு மட்டுமில்லாமல் கறுத்த பகுதியும் வாய்க்குள்ள போற மாதிரிப் பிடிக்க வைச்சவ, கனபேருக்கு அதோடயே சரியாகும். அவனுக்குச் சரிவராததாலதான் டொக்டர் வெட்டினவர், சின்னக் கத்தரிக்கோலால ஒரு வெட்டு, ரெண்டு மூண்டு துளி ரத்தம், உடனே பால் குடுத்தாச்சு. அடுத்த நாள் நாக்கடியில வெள்ளையா இருக்க அக்கா சீழ் எண்டு பயந்திட்டா, அது புண் ஆறுற அடையாளம்தான்.

அக்காவுக்கு நோ டக்கெண்டு குறைஞ்சுது, ஆனா வெட்டினா எல்லாருக்கும் பால் குடி திருந்தும் எண்டில்லை. குடும்பத்தில ஆருக்கும் ரத்தம் உறையாத வருத்தம் இருந்தா வெட்ட முதல் கட்டாயம் சொல்லுங்கோ.