பஃபர் பெரிய சுவிட்ச் வாங்கினால் திக்கல் நிற்குமா?

"நாகர்கோவிலில் எடிட்டிங் ஸ்டுடியோ. நாஸும் இரண்டு சிஸ்டமும் 10 ஜிகாபிட், மற்ற இரண்டு 1 ஜிகாபிட். அந்த இரண்டில் மட்டும் டைம்லைன் திக்குகிறது. பஃபர் பெரிய சுவிட்ச் வாங்கலாமா?"

அதற்கு முன் இரண்டு 10 ஜிகாபிட் கார்டு வாங்குங்கள். நாஸ் ஒரு வீடியோ ஃபிரேமை 10 ஜிகாபிட் வேகத்தில் மொத்தமாகத் தள்ளுகிறது. சுவிட்சிலிருந்து அந்த சிஸ்டத்துக்குப் போகும் வாசல் 1 ஜிகாபிட்தான். மிச்சம் 9 ஜிகாபிட், அதாவது நொடிக்கு 1,125 எம்பி, சுவிட்சின் தற்காலிக நினைவகமான பஃபரில் குவிகிறது. 2 எம்பி பஃபர் இரண்டு மில்லி செகண்டுக்குள் நிரம்பிவிடும். 12 எம்பி என்றாலும் சுமார் பதினொன்றுதான். நிரம்பினால் பாக்கெட் விழும், நாஸ் திரும்ப அனுப்பும், அந்த இடைவெளிதான் திக்கல். சுவிட்சின் நிர்வாகத் திரையில் போர்ட் விவரப் பக்கத்தைத் திறந்துவைத்து டைம்லைனை ஓட்டுங்கள். அந்த இரண்டு போர்ட்டில் மட்டும் டிராப் எண்ணிக்கை ஏறினால் காரணம் இதுதான்.

எல்லாரும் 10-க்கு வந்தபின் நான்கு பேரும் ஒரே நேரத்தில் நாஸில் எழுதினால் நெரிசல் நாஸ் போர்ட்டுக்கு மாறும். அதனால் சுவிட்ச் எடுக்கும்போதே நாஸுக்கென்று ஒரு 25 ஜிகாபிட் போர்ட் இருப்பதாகப் பாருங்கள். பஃபர் அளவைவிட இது உதவும். நாஸிலும் அதற்கேற்ற கார்டு வேண்டும்.

அப்புறம் கேபிள். ரேக்குக்குள் டிஏசி எனும் குட்டையான செம்பு கேபிள் போதும். மேசை வரை கேட் 6ஏ, 100 மீட்டர் தாங்கும். 10 ஜிகாபிட்டுக்கு கேட் 6 அதிகபட்சம் 55 மீட்டர், கட்டுக்கட்டாகப் போனால் இன்னும் குறையும். அலுமினியத்தில் செம்பு பூசிய மலிவு வயர் வேண்டவே வேண்டாம். குளச்சல் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் உப்புக்காற்று பட்டு பிளக்கின் ஊசிகளில் பச்சை படிந்திருந்தது. அந்த போர்ட்டில், தரவு சிதைந்து வந்ததைக் காட்டும் சிஆர்சி பிழை ஏறிக்கொண்டே இருந்தது. பிளக்கை மாற்றியதும் நின்றது.