பிரிமணையும் போதாத துணியும்

அன்புள்ள ஐயா,

பாட்டி காலத்து வைக்கோல் பிரிமணை ஒன்று வீட்டில் இருக்கிறது. தண்ணீர்ப்பானை வைப்பதற்கு. வைக்கோல் உதிர்வதால் பழைய புடவையில் 5 செ.மீ. அகல நாடா கிழித்துச் சுற்றலாம் என்று நினைத்தேன். வெளி விட்டம் 30 செ.மீ., நடு ஓட்டையின் விட்டம் 14 செ.மீ. வளையத்தின் பரப்புக்கு 4π²Rr என்று மகள் சொன்னாள். அதன்படி மூன்றரை மீட்டர் போதும் என்று வந்தது. வெளிப்பக்கம் இடைவெளி விடாமல் சுற்றினால் ஒரு மீட்டருக்கு மேல் துணி குறைகிறது. சூத்திரம் தப்பா, நான் சுற்றியது தப்பா? அதோடு, வளையத்தின் வெளி ஓரத்தையும் எடுக்காமல் உள் ஓரத்தையும் எடுக்காமல் ஏன் நடுவை எடுக்கிறார்கள்?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள சகோதரிக்கு,

இரண்டுமே தப்பில்லை. உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால் துணி எங்கே போனது என்பது தானே தெரிந்துவிடும்.

நீங்கள் கொடுத்த அளவில் வெளி ஆரம் 15, உள் ஆரம் 7. அப்படியானால் பிரியின் தடிமன் 8 செ.மீ., அதன் ஆரம் 4. சூத்திரத்தில் வரும் r இதுதான். வளையத்தின் மையத்திலிருந்து பிரியின் நடுவுக்கு 11, அது R. பிரியைச் சுற்றி நூல் பிடித்தால் 2π × 4, அதாவது 25.1 செ.மீ. அந்த வட்டத்தின் நடுப்புள்ளி ஒரு முழுச் சுற்று வர நடக்கும் தூரம் 2π × 11, அதாவது 69.1 செ.மீ. இரண்டையும் பெருக்கினால் 1737 சதுர செ.மீ. உங்கள் மகளின் கணக்கு சரி.

ஏன் நடு? கடிதம் வந்த அன்று வாய்க்கால் கரையிலிருந்து கொஞ்சம் களிமண் எடுத்துவந்து இதே அளவில் ஒரு வளையம் பிடித்தேன். நூலை இழுத்துப் பிடித்து, மையத்தைப் பார்த்த மாதிரி 16 துண்டாக அறுத்தேன். ஒவ்வொரு துண்டும் வெளிப்பக்கம் 5.9 செ.மீ. கனம், உள்பக்கம் 2.7 செ.மீ.தான். ஆப்பு மாதிரி இருக்கும். இப்போது ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பிப் போட்டு, ஒன்றின் தடித்த பக்கம் அடுத்ததன் மெல்லிய பக்கத்தோடு வரும்படி வரிசையாக அடுக்குங்கள். வளையம் நேராகி, உருட்டுக்கட்டை மாதிரி நீண்டுவிடும். நீளம் அளந்தால் 69 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. துண்டுகளை இன்னும் மெல்லிசாக அறுத்தால் அந்தக் குறையும் போய்விடும். கட்டையின் சுற்றளவு அதே 25.1. வெளித்தோல் எதையும் நாம் சேர்க்கவில்லை, எடுக்கவும் இல்லை. அதனால் வளையத்தின் பரப்பும் அந்தக் கட்டையின் பக்கப் பரப்பும் ஒன்று.

வெளிப்பக்கம் எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு உள்பக்கம் சுருங்குகிறது. நடுவிலிருந்து வெளியே 3 செ.மீ. தள்ளி ஒரு புள்ளி இருந்தால், அதற்கு நேர் எதிரே உள்ளே 3 செ.மீ. தள்ளி இன்னொன்று இருக்கும். ஒன்று சுற்றும் வட்டத்தின் ஆரம் 14, மற்றதற்கு 8. சராசரி 11. எந்த ஜோடியை எடுத்தாலும் இதே 11 வரும். இதைப் பொதுவாகச் சொன்னவர் 4-ம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த பாப்பஸ். 17-ம் நூற்றாண்டில் குல்தின் மறுபடி எழுதினார். அதனால் இருவர் பெயரிலும் இந்த விதி வழங்குகிறது.

பானை பாரத்தில் உங்கள் பிரிமணை அடியில் தட்டையாகியிருக்கும், கவலை வேண்டாம். வெட்டுமுகம் வட்டமாக இல்லாவிட்டாலும் நூல் பிடித்த சுற்றளவை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அமுங்கினால் நடு கீழேயோ மேலேயோ நகரும், அது பாதிக்காது. உள்பக்கமும் வெளிப்பக்கமும் ஒரே வடிவமாக இருந்தால் போதும். நடுவின் பாதையை நேரடியாக அளக்க முடியாது. வெளி ஓரத்தைச் சுற்றி ஒரு நூல், ஓட்டையைச் சுற்றி ஒரு நூல், இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். உங்களுடையதில் 94.2-ம் 44-ம். பாதி 69.1.

சரி, துணிக்கு வருவோம்.

பெயின்ட் அடித்திருந்தால் 1737 சதுர செ.மீ.க்கு ஆகிற பெயின்ட் போதும். நாடா அப்படி இல்லை. அதன் அகலம் எங்கேயும் 5 செ.மீ.தான், வளையமோ வெளியே அகன்று உள்ளே ஒடுங்குகிறது. வெளி ஓரத்தில் இடைவெளி இல்லாமல் சுற்ற வேண்டுமென்றால் 94.2 செ.மீ. நீளத்தையும் 5, 5 செ.மீ.யாக நிரப்பியாக வேண்டும். அதற்கு 19 சுற்று. ஒரு சுற்றுக்கு 25.1 என்றால் 477 செ.மீ. உங்கள் கணக்கில் வந்தது 347. குறைகிற 130 செ.மீ. இதுதான். அத்தனை துணியும் உள்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக மடிந்து கிடக்கிறது. ஓட்டைக்குள் விரலை விட்டுப் பாருங்கள், ஒவ்வொரு சுற்றும் பாதிக்கு மேல் முந்தையதன் மேல் ஏறியிருக்கும்.

ஆக, இப்படிச் சுற்ற ஆகும் துணி 4π²r(R + r). பரப்பைவிட இது 4π²r² அதிகம். இதில் R இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே தடிமனில் பெரிய அண்டாவுக்கு வண்டிச் சக்கரம் அளவு பிரிமணை செய்தாலும் வீணாகிற துணி இதே அளவுதான். பிரியின் தடிமன் இரண்டு மடங்கானால் மட்டும் நாலு மடங்காகும்.

மகளிடம் ஒன்று சொல்லுங்கள். வெளிப்பாதிக்கு மட்டும் பரப்பு வேண்டும் என்றால் 1737-ஐ இரண்டால் வகுக்கக் கூடாது. அரைவட்ட வில்லுக்கு நடு வேறு இடத்தில் இருக்கிறது, வட்டத்தின் மையத்திலிருந்து 2r/π தள்ளி. இங்கே அது 2.55 செ.மீ. அதனால் வெளிப்பாதிக்கு 13.55-ஐ ஆரமாக எடுத்தால் 1070 வரும், உள்பாதிக்கு 8.45-ஐ எடுத்தால் 667. நடுவில் ஓட்டை இல்லாமல் பிரி தன்னையே வெட்டிக்கொள்ளும் அளவுக்கு R, r-ஐவிடச் சிறிதானாலும் இந்தச் சூத்திரம் வெளியே தெரிகிற பரப்பைத் தராது.

நாடாவாகவே சுற்றுவதென்றால் ஐந்து மீட்டர் கிழித்துக்கொள்ளுங்கள். சுற்று கொஞ்சம் சாய்வாகப் போவதற்கும் முனையைச் செருகுவதற்கும் அந்த மிச்சம் வேண்டும். உள்பக்கம் மொத்தையாக இருப்பது பிடிக்கவில்லை என்றால், 25 செ.மீ. நீளத்தில் 19 துண்டு வெட்டி, ஒவ்வொன்றையும் உடுக்கை மாதிரி நடுவில் ஒடுக்குங்கள். இரண்டு முனையிலும் அகலம் 5, இடுப்பில் 2.3, இடையில் வளைவாக. முனைகள் வெளிப்பக்கம் சந்திக்கும், இடுப்பு ஓட்டைக்குள் வரும். தையலுக்கு விடுவதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால், அந்தத் துண்டுகளின் மொத்தப் பரப்பு உங்கள் மகள் சொன்ன 1737-ஐ ஒட்டியே வரும்.