பன்னாட்டுக் கருத்தரங்கு: பேச்சாளர்களுக்கான மெயிலை எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: மதுரையில் எங்கள் கல்லூரியில் மூன்று நாள் பன்னாட்டுக் கருத்தரங்கு. பேச்சாளர்களோடு மெயிலில் பேசி வருகை, அமர்வு நேரம், தங்குமிடம் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. பாதிப் பேர் வெளிநாடு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்:

டிக்கெட்டிலிருந்து தொடங்குங்கள். நிகழ்ச்சி நிரல் அப்புறம்.

நம் கல்லூரிகளில் வழக்கமாக நடப்பது இதற்கு நேர்மாறாக இருக்கும். அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும் என்ற அவசரத்தில் யார் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கட்டம் போட்டு நிரப்பிவிடுவார்கள். பிறகுதான் பேச்சாளருக்கு மெயில் போகும், அவர் அதற்கப்புறம் டிக்கெட் பார்ப்பார், அந்த நேரத்துக்கு வந்துசேர வழியே இல்லை என்று கடைசி வாரத்தில் தெரியவரும். அதனால் உங்கள் முதல்வரிடமோ துறைத் தலைவரிடமோ முதலிலேயே பேசி, வெளியூர்க்காரர்களின் டிக்கெட் நகல் கைக்கு வரும்வரை நிரலில் பெயரும் நாளும் மட்டும் இருக்கட்டும், மணி வேண்டாம் என்று ஒத்துக்கொள்ள வையுங்கள். இது ஒன்று நடந்துவிட்டால் மற்ற வேலை பாதி குறைந்துவிடும்.

முதல் மெயிலில் மூன்றே கேள்வி கேளுங்கள், எண் போட்டு. மூன்று நாளில் எந்த நாள் நிச்சயம் முடியாது, எந்த ஊரிலிருந்து கிளம்புகிறார், டிக்கெட் அவர் எடுக்கிறாரா நாம் எடுத்துத் தர வேண்டுமா. சாப்பாடு சைவமா அசைவமா, புரொஜெக்டரில் எந்தக் கேபிள், தன்விவரக் குறிப்பு, புகைப்படம் எல்லாவற்றையும் ஒரே மெயிலில் கேட்டால் ஆள் முதல் இரண்டுக்குப் பதில் எழுதிவிட்டு மிச்சத்தை "பிறகு அனுப்புகிறேன்" என்று தள்ளிவிடுவார், எது வந்தது எது வரவில்லை என்று தேடுவதே உங்களுக்கு ஒரு வேலையாகிவிடும். பதில் வர வேண்டிய நாளைக் கிழமையோடு போடுங்கள். "விரைவில்" என்று எழுதினால் யாருக்கும் அது இன்றைக்கு என்று தோன்றாது.

வெளிநாட்டுப் பேச்சாளர் சரி என்று சொன்ன அன்றைக்கே பாஸ்போர்ட்டின் முதல் பக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். விசாவுக்கான அழைப்புக் கடிதத்தில் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துப்படியே இருக்க வேண்டும், அவர் மெயிலில் கையெழுத்துப் போடும் சுருக்கப் பெயர் உதவாது. கருத்தரங்கில் பேச வருகிறவர் சுற்றுலா விசாவில் வரக் கூடாது, அதற்கென மாநாட்டு விசா தனியாக இருக்கிறது. அதற்கு வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களின் அனுமதி நகலைக் கேட்பார்கள், அதை வாங்கித் தர வேண்டியது நடத்துகிற நிறுவனம்தான். வாரக்கணக்கில் இழுக்கும் வேலை என்பதால் உங்கள் அலுவலகத்தில் அந்தக் கோப்பு யாரிடம் இருக்கிறது என்பதை இன்றைக்கே தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போது டிக்கெட்டுக்கு வருகிறேன். "எப்போது வருகிறீர்கள்?" என்று கேட்டு, அவர் எழுதும் பதிலை நம்பி கார் அனுப்பாதீர்கள். டிக்கெட் நகலையே கேளுங்கள். காரணத்தை ஒரு உதாரணத்தோடு சொன்னால் புரியும்.

உங்கள் கருத்தரங்கு வியாழன், வெள்ளி, சனி என்று வைத்துக்கொள்வோம். ஜெர்மனியிலிருந்து ஒரு பேராசிரியர், வியாழன் காலை 10 மணிக்குத் தொடக்க உரை. "புதன் கிளம்புகிறேன், இரவு சென்னை" என்று எழுதுகிறார். படிக்கிற நமக்கு புதன் இரவு, மறுநாள் காலை மதுரை, சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றும். டிக்கெட்டைத் திறந்து பார்த்தால் ஃபிராங்க்ஃபர்ட்டில் புதன் காலை 10.30, சென்னையில் 00.15, பக்கத்தில் சின்னதாக +1 என்று இருக்கும். அந்த +1 தான் விஷயம். இறங்குவது வியாழக்கிழமை. டிக்கெட்டில் இருக்கும் மணி எப்போதும் அந்தந்த ஊர் மணி, +1 என்றால் கிளம்பிய தேதிக்கு மறுநாள். வெளிநாட்டிலிருந்து சென்னைக்கு வரும் விமானங்களில் நிறைய நள்ளிரவை ஒட்டியோ விடியற்காலையிலோதான் இறங்குகின்றன, அதனால் உங்கள் பட்டியலில் இந்தத் தேதிச் சிக்கல் ஒருவருக்காவது இருக்கும்.

இனி கணக்குப் போடுங்கள். 00.15க்கு இறங்கி, குடியேற்றச் சோதனை, பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர 1.30, 1.45 ஆகும். மதுரைக்கு விடியற்காலை விமானம் பிடித்தாலும் நான்கு மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் பறக்க வேண்டும், விமான நிலையத்திலிருந்து நகரத்துக்குள் வர அரை மணி நேரம். எட்டரைக்கு அறைக்கு வந்து குளித்து பத்து மணிக்கு மேடையேற வேண்டும். தூங்காத மனிதரைத் தொடக்க உரைக்கு நிறுத்துவது ஒரு பக்கம் இருக்கட்டும், ஃபிராங்க்ஃபர்ட்டில் இரண்டு மூன்று மணி நேரம் தாமதமானால் முதல் நாள் மேடையில் முதல் நாற்காலியே காலி. அதோடு மதுரை டிக்கெட்டைத் தனியாக எடுத்திருந்தால் இன்னும் மோசம்: முந்தைய விமானம் தாமதமானதற்கு அடுத்த விமான நிறுவனம் பொறுப்பேற்காது, புது டிக்கெட்தான். பெட்டி எடையும் இடிக்கும். வெளிநாட்டு விமானத்தில் 23 கிலோ வரை விட்டிருப்பார்கள், உள்நாட்டில் சாதாரணமாக 15 கிலோதான், மிச்சத்துக்குக் காசு கேட்பார்கள். இரண்டு பயணத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுக்க முடிகிறதா என்று முதலிலேயே கேளுங்கள், முடியாவிட்டால் 15 கிலோ விஷயத்தை ஒரு வரி எழுதிவிடுங்கள்.

இந்தப் பேராசிரியரை வெள்ளி காலைக்கு மாற்றுவதுதான் தீர்வு. வெள்ளி காலையில் இருப்பவர் திருச்சியிலிருந்து காரில் வருகிறவர் என்றால் அவரை வியாழனுக்குக் கொண்டுவரலாம். இங்கே மெயில் போகிற வரிசை முக்கியம். முதலில் திருச்சிக்காரரிடம் கேளுங்கள், அவரிடம் மட்டும்: "ஐயா, வெள்ளி காலை 10 மணிக்குப் பதிலாக வியாழன் காலை 10 மணிக்குப் பேச இயலுமா? ஜெர்மனிப் பேராசிரியரின் விமானம் வியாழன் அதிகாலைதான் சென்னை வருகிறது. திங்கள் மாலைக்குள் சொன்னால் நிரலை முடித்துவிடுவேன்." அவர் சரி என்ற பிறகு பேராசிரியருக்கு எழுதுங்கள். இருவருக்கும் ஒரே மெயிலில் போட்டால் ஒருவர் ஒத்துக்கொள்வார், மற்றவர் வேறொரு நேரம் கேட்பார், நீங்கள் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். இருவருக்கும் உறுதியான பிறகுதான் மாற்றிய நிரல் எல்லோருக்கும் போக வேண்டும், கோப்பின் பெயரிலேயே தேதியோடு. பழைய நிரலை வைத்துக்கொண்டு வண்டி ஏறுகிறவர் எல்லாக் கருத்தரங்கிலும் உண்டு, கோப்பில் தேதி இருந்தால் அவரே கண்டுபிடித்துக்கொள்வார்.

அடுத்து ஹோட்டல். பேராசிரியர் அன்றிரவு சென்னையில் தூங்கிவிட்டு வியாழன் மதியம் மதுரைக்கு வரட்டும். வியாழன் அதிகாலை 2 மணிக்கு வருகிறவருக்கு வியாழன் தேதியில் அறை போட்டால் செக்-இன் பகல் 12 மணிக்கோ 2 மணிக்கோதான், அதுவரை வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருப்பார். அறை புதன் தேதிக்கு எடுக்க வேண்டும், புதன் இரவுக்குப் பணமும் கட்ட வேண்டும். கணக்குப் பிரிவில் "கருத்தரங்கு வியாழன்தானே, புதனுக்கு எதற்கு அறை?" என்று கேட்பார்கள், டிக்கெட் நகலில் +1-ஐ வட்டமிட்டு இணைத்துவிடுங்கள். ஹோட்டலுக்குப் போகும் மெயிலில் மறக்காமல் எழுத வேண்டியது: "புதன்கிழமைக்கான பதிவு. விருந்தினர் வியாழன் அதிகாலை 2 மணியளவில் வருவார். தாமத வருகை, அறையை விடுவிக்க வேண்டாம்." எழுதாவிட்டால் நள்ளிரவுக்குமேல் ஆள் வரவில்லை என்று குறித்து அறையை வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அந்த ஹோட்டலுக்கு மாலை ஏழு மணிக்கு ஒருமுறை போன் போட்டு இரவுப் பணியில் இருப்பவர் பெயரையும் கேட்டு வைத்துக்கொள்வது என் பழக்கம்.

மதுரையில் கல்லூரி விருந்தினர் விடுதியில் தங்க வைப்பதாக இருந்தால் இன்னொன்று. வெளிநாட்டவர் தங்கினால் அவர் வந்த 24 மணி நேரத்துக்குள் அந்தத் தகவலை இணையத்தில் பதிய வேண்டும், சி-ஃபார்ம் என்று சொல்லிப் பழகியது அதுதான். ஹோட்டல்காரர்கள் அவர்களே செய்துவிடுவார்கள். கல்லூரி விடுதியில் அந்த வேலை யாருடையது என்று பல இடங்களில் யாருக்கும் தெரியாது. பாஸ்போர்ட், விசா நகலை முன்கூட்டியே மெயிலில் வாங்கி விடுதிப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட்டால் இரவு பத்து மணிக்கு விருந்தினர் கதவைத் தட்ட வேண்டியிருக்காது.

இணையவழியில் பேசுகிறவர்களுக்கு நேரம் எழுதும்போது இந்திய நேரத்தோடு அவர் ஊர் நேரத்தையும் தேதியையும் சேர்த்து எழுதுங்கள், காலண்டர் அழைப்பும் அனுப்புங்கள். அமெரிக்காவில் நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள், ஐரோப்பாவில் அக்டோபர் கடைசி ஞாயிறு. நமக்கு மாலை 6.30 என்பது நியூயார்க்கில் அக்டோபரில் காலை 9, நவம்பர் இரண்டாம் வாரத்தில் காலை 8. அக்டோபரில் மெயில் எழுதும்போது கருத்தரங்கு நடக்கும் நாளின் நேரத்தைத்தான் கணக்கிட வேண்டும். காலை 10 மணி அமர்வை நியூயார்க்கில் இருப்பவர்களுக்குக் கொடுக்கவே கொடுக்காதீர்கள், அங்கே நள்ளிரவு.

திரும்பிப் போகும் டிக்கெட்டும் நிரலைத் தீர்மானிக்கும். "சனி இரவு கிளம்புகிறேன்" என்பவரின் விமானம் சென்னையில் ஞாயிறு 01.50 என்றால் சனி இரவு பதினொன்றுக்குள் அவர் சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டும், மதுரையிலிருந்து மாலை விமானம், கல்லூரியை விட்டு நான்கு மணிக்கு முன்பே கிளம்ப வேண்டும். நிறைவு விழா மேடையில் அவர் பெயரைப் போடாதீர்கள், சனி காலை அமர்வு கொடுத்துவிடுங்கள்.

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக ஒரு மெயில், ஒரே திரையில் அடங்குகிற அளவில்: விமான எண், இறங்கும் நாள் கிழமையோடு, யார் வந்து நிற்பார், ஹோட்டல் முகவரியும் போன் எண்ணும், அமர்வு நாள், மணி, எத்தனை நிமிடம், இரவு எந்நேரமும் எடுக்கக்கூடிய ஒரே ஒரு எண். போர்டிங் பாஸைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், பயணப்படிக்கு வேண்டும் என்பதையும் இதிலேயே எழுதுங்கள், ஊருக்குத் திரும்பிய பிறகு கேட்டால் கிடைக்காது. ஓட்டுநர் பெயரும் வண்டி எண்ணும் அதில் வேண்டாம். முந்தின நாள் வரை மாறிக்கொண்டே இருக்கும், வண்டி கிளம்பிய பிறகு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதும்.